விலை அதேதான், சுவரைக் குறைக்கலாம்

காரைக்காலில் பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரீகளின் மடத்துச் சமையற்கட்டில் வளர்ந்தவள் நான். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அந்த மொழி என் வாயில் ஏறிவிட்டது. எழுத வராது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் பேச்சில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. கல்யாணமாகி இலங்கை மலைநாட்டு வட்டகொடைக்கு வந்தபோது, இனி இந்தப் பிரெஞ்சு எதற்கு ஆகும் என்றுதான் நினைத்தேன். தேயிலை மலையில் துரைமாருக்கு இங்கிலீஷ், கடைத்தெருவில் சிங்களம், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் தமிழ். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை.

என் வீட்டுக்காரர் கல்வேலைக் கொந்தரப்புக்காரர். மலைச்சரிவில் மண் இறங்காமல் இருக்கக் கல் அடுக்கி அணைச்சுவர் கட்டுவார். மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசிக்கொள்வது. அதிலிருந்து கூட வேலை செய்யும் ஐந்து ஆட்களுக்கும் நாளுக்கு ஒரு பேர் கொடுப்பது. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. கொழுந்து எடை குறைந்தவர்களுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு நாங்கள் அப்படிச் செய்ததில்லை, ஒரு தடவையைத் தவிர.

அந்த ஒரு தடவை, தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா விலையை அடித்துக் கேட்டதற்கு இவர் தலையாட்டிவிட்டு வந்தார். சுவர் முடியுமுன்னே காசு முடிந்துவிட்டது. கடைசி நாட்களுக்கு அரைப்பேர்தான் கொடுக்க முடிந்தது. சம்பளம் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு என்பதால் லயத்துக்கு நான்தான் போனேன். ஓர் ஆளின் பெண்சாதி காசை வாங்கிப் பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்கக்கா, கல்லு பாதி கனமாவா இருந்துச்சு?"

சுருக்கென்றது. திரும்பி வந்தேன்.

அதற்கடுத்த வருஷம் பெருமழைக்குப் பிறகு, கந்தப்பளைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தின் பின்புறத்தில் மண் வெடித்துவிட்டது. அங்கே பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். மடத்துத் தாயார் பிரான்சிலிருந்து புதிதாக வந்தவர். அவருக்குப் பேச்சுத் துணையாக இருந்த சிஸ்டர் காய்ச்சலில் படுத்திருந்தார். கொந்தரப்புக்காரரின் பெண்சாதிக்குப் பிரெஞ்சு தெரியுமாம் என்று யாரோ சொல்லி, எங்கள் இருவரையும் கூப்பிட ஆள் வந்தது.

பஸ்ஸில் போகும்போதே இவர் ஆரம்பித்தார். "கையில வேலையே இல்ல. அவங்க என்ன குடுத்தாலும் சரின்னு சொல்லிரு. இழுத்தடிக்காத."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இவர் சரிவு முழுக்க நடந்து, கயிறு போட்டு அளந்து, கம்பியால் குத்திக் கெட்டி மண் எங்கே என்று பார்த்துவிட்டு விலை சொன்னார். பிள்ளைகள் படுக்கும் கூடத்தின் பின்னாலிருந்து, துணி துவைக்கும் கல்லைத் தாண்டி, மடத்துத் தோட்டத்து மூலையில் குகைபோலக் கல் அடுக்கி மாதா சிலை வைத்திருந்த கெபி வரைக்கும் சுவர். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். தாயாரின் முகம் வாடிவிட்டது. அவரிடம் இருந்தது முக்கால் பங்குதான். மருந்துக்கூடத்துக் கூரைக்கு வைத்திருந்ததையும் சேர்த்துத்தான் அது என்றார்.

நான் காரைக்கால் மடத்தில் வளர்ந்ததை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தவர், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எங்கள் சோற்றைத் தின்று வளர்ந்தவள். இது ஆண்டவரின் வேலை. இந்தப் பணத்துக்கே முழுச் சுவரையும் கட்டித் தரச் சொல், மகளே."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தச் சோறு இன்றும் என் உடம்பில் இருக்கிறது. ஆனால் கண்முன்னே வந்து நின்றது லயத்து வாசலில் நின்ற அந்தப் பெண்தான்.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். "மா மேர், லெ ப்ரீ, நோன். லெ முய்ர், வுய்" என்றேன். தாயே, விலையைக் குறைக்க முடியாது, சுவரைக் குறைக்கலாம்.

அவருக்கு விளங்கவில்லை. நான் நிதானமாகச் சொன்னேன். கல் உடைக்க ஒரு கூலி, சுமக்க ஒரு கூலி, அடுக்க ஒரு கூலி. விலை என்பது இந்த மூன்றும்தான். நீங்கள் காசைக் குறைப்பதால் கல்லின் கனம் குறையாது, அதைச் சுமக்கிறவனின் கூலிதான் குறையும். உங்களிடம் இருக்கிற பணத்துக்குக் கூடத்தின் மூலையிலிருந்து துவைக்கும் கல் வரைக்கும் கட்டலாம். மீதியைப் பணம் சேரும்போது கட்டிக்கொள்ளலாம்.

"நீளம் அப்படியே இருக்கட்டும். கனத்தைக் குறைத்துக் கட்டக் கூடாதா?"

"கூடாது, மா மேர். நீளத்தைக் குறைத்து நிறுத்தினால், கட்டின வரைக்கும் நிற்கும். மெலிதாகக் கட்டினால் மொத்தமும் விழும்."

இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னாங்கிறாங்க?"

"கொறைக்கச் சொல்றாங்க. முடியாதுன்னுட்டேன்."

"அடிப்பாவி! யாரக் கேட்டுச் சொன்ன?"

"நீளத்தக் கொறச்சிக்கலாம்னு சொல்லியிருக்கேன். பேசி முடிக்கிறேன், செத்த இருங்க. இல்ல, இந்தவாட்டி லயத்துக்கு அரைப்பேர எடுத்துக்கிட்டு நீங்க போறீங்களா?"

அவர் தலைத்துண்டை எடுத்து உதறிவிட்டுக் கல்மேல் உட்கார்ந்தார்.

தாயார் சரிவைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். தோட்டத்து மூலையில் நின்ற மாதாவை வெகுநேரம் பார்த்தார். சுவரின் நீளம் குறைந்தால் கெபி அதற்கு வெளியே நிற்கும். அது அவருக்கு விளங்கிவிட்டது. வேண்டாம், வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லியிருந்தால் வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

"பிள்ளைகள் முதலில்" என்றார் கடைசியில். "மாதா பொறுத்துக்கொள்வார்."

வேலை தொடங்கியது. கெட்டி மண் வரைக்கும் அத்திவாரம் எடுத்து, அடியை அகலமாகப் போட்டு, சுவரை மலைப்பக்கம் சாய்த்துக் கட்டினார்கள். பின்னால் சில்லுக்கல் கொட்டி, மழைத் தண்ணீர் வெளியேற இடையிடையே ஓட்டை விட்டார்கள். துவைக்கும் கல்லருகே வந்ததும், பிறகு தொடர்ந்து கட்ட வசதியாக, முனையைப் படி படியாக விட்டு நிறுத்தினார்கள்.

வேலை முடிந்த அன்று தாயார் தனியாகக் கெபியின் முன் முழங்காலில் இருந்தார். இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவர் முருகனைக் கும்பிடுகிறவர்.

"சாமிய வெளிய விட்டுட்டு நாம மட்டும் சுவரு கட்டிட்டுப் போனா நல்லாருக்குமா?" என்றார் என்னிடம். "மாதாவத் தூக்கிட்டு வந்து சுவர்கிட்ட வச்சிருவோம். அதுக்கு ஆளுங்களுக்கு இன்னொரு பேர் போட்டுரு. நம்ம பங்குல எடு."

ஆட்கள் மூங்கில் கட்டி மாதாவைச் சுமந்து வந்தார்கள். புதுச் சுவரின் முன்னால், கூடத்து ஜன்னல் பக்கம், கல் பீடம் ஒன்று அடுக்கி அதில் நிறுத்தினார்கள். தாயார் அங்கியில் காசைத் தேடினார்.

"இதற்கு விலை இல்லை, மா மேர்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அன்றைக்கு ஒரு காசு விடமாட்டேன் என்றாயே?"

"அது ஆட்களின் காசு, மா மேர். இது எங்களுடையது."

அந்த வாரம் சம்பளத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். இவரும் கூட வந்தார், எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். அதே பெண் அதே வாசலில் நின்றாள். காசை எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். முந்தானையில் முடிந்துகொண்டு வாசலை விட்டு விலகினாள்.

"உள்ள வந்து உக்காருங்கக்கா. தேத்தண்ணி ஊத்துறேன்."

உட்கார்ந்தேன்.