பிழையாய்ப் போன ரெலெக்ஸும் மூன்று வரி வேண்டுகோளும்

அன்று முற்பகல் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. எட்டரை மணிக்கு, சுவரில் இருந்த ரெலெக்ஸ் இலக்கப் பட்டியலைக் கழற்றிவிட்டு, ஆங்கில எழுத்து ஒழுங்கில் புதிதாக அடித்து ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை.
2. பத்து மணிக்குக் குருநகரிலிருந்து வந்த இறாலைப் பரிசோதித்தேன். நான்கு பெட்டிகளில் ஐஸ் போதாது. அவற்றில் கெட்ட மணம் பிடித்திருந்தது.
3. அதைக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அறிவிக்கச் செய்தியைக் காகித நாடாவில் துளையிட்டு வைத்தேன்.
4. பட்டியலின் மூன்றாவது வரியிலிருந்த இலக்கத்தைச் சுழற்றி, நாடாவை ஓடவிட்டேன். இரண்டு வருடமாக மூன்றாவது வரி தலைமை அலுவலகம்தான்.
5. அன்று எட்டரை மணியிலிருந்து அது வேறொரு கம்பனி.

நான் அப்போது இறால் உறையவைக்கும் கம்பனி ஒன்றின் யாழ்ப்பாணக் கிளையில் தரப் பரிசோதகராக இருந்தேன். ரெலெக்ஸ் அடித்த பெண் கலியாணமாகிப் போனபிறகு, நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள் என்பதால், தொலைபேசி போல இலக்கம் சுழற்றி எழுத்தில் செய்தி அனுப்பும் அந்த இயந்திரமும் என் தலையில் விழுந்தது. எனக்கு அது பெருமைதான். இலக்கத்தைச் சுழற்றியதும் மறுபக்க இயந்திரம் தன் அடையாளக் குறியைத் தானாகவே அடித்து அனுப்பும். அதைப் பட்டியலில் உள்ள குறியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நாடாவை விடவேண்டும். ஏனென்றால் அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தி அச்சாகிவிடும். இந்த வழிமுறையை ஏழு படிகளாக எழுதி இயந்திரத்துக்கு மேலே நானே தொங்கவிட்டிருந்தேன். இரண்டாம் படி சிவப்பு மையில்: குறியை ஒப்பிடு.

அன்று குறி வந்ததா என்று பார்த்தேன். வந்தது. யாருடைய குறி என்று பார்க்கவில்லை. என் பட்டியலில் பிழை வருமா?

செய்தி முடிந்ததும் குறி மறுபடி வந்தது. அப்போதுதான் வாசித்தேன். கொழும்பில் உள்ள இன்னொரு இறால் கம்பனி. அட்டைப் பெட்டி தட்டுப்பாடானால் அவர்களிடம் கடன் கேட்போம், அதனால்தான் அவர்களின் இலக்கம் எங்கள் சுவரில் இருந்தது. வியாழக்கிழமைகளில் அவர்களின் லொறி குருநகருக்கு வரும். இறாலை அனுப்பிய படகுக்காரர், நான் பெயர் போட்டு அறிவித்த அதே சம்மாட்டியாரிடம்தான் முதலில் நிற்கும்.

அந்தச் சம்மாட்டியார் எனக்குப் பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தார். பரிசோதனை முடிவு கேட்க வந்தவர்.

"என்ன பிள்ளை, ஐஸுக்குள்ள கிடந்த மீன் மாதிரி முழிக்கிறீர்?"

"அண்ணை, ஒரு பிழை விட்டிட்டன். உங்கடை றாலைப் பற்றின செய்தி வேறை கொம்பனிக்குப் போயிட்டுது."

"எந்தக் கொம்பனிக்கு?"

"வியாழக்கிழமை லொறி அனுப்புறவைக்கு."

அவர், "நாலு பெட்டிக்கு ஐஸ் காணாமப் போனது உண்மை. ஐஸ் வரப் பிந்திப்போச்சு. ஆனா அங்கை ஆர் உந்த நாலை வாசிக்கப் போறான்? உவற்றை றால் மணக்குது எண்டுதான் கதைப்பினம். வாற கிழமை லொறி கரையில இருக்கிற என்ரை வாடியில நிக்காமத் தாண்டிப் போகும்" என்றார்.

கொழும்புக்குத் தொலைபேசி அழைப்பு எடுக்கலாம். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் சம்மாட்டியாரின் பெயரைத் தெரு முழுக்கக் கேட்கக் கத்தவேண்டும். செய்தி கிடக்கும் இயந்திரத்திடமே கேட்பது நல்லது என்று முடிவுசெய்து எழுதத் தொடங்கினேன்.

என் முதல் வரைவு பதினொரு வரி. மன்னிப்பு மூன்று இடத்தில். பட்டியலை ஏன் மாற்றினேன் என்ற விளக்கம் நான்கு வரி. கடைசியில், 'ஆகவே குருநகர் இன்னாருடைய இறாலில் மணம் இருப்பதாக வந்த செய்தியைக் கிழித்துவிடவும்.' தமிழில் வாசித்துக் காட்டினேன், ஓரளவு திருப்தியோடு.

"முதல்தரம் தெரியாமச் சொன்னீர்," என்றார் சம்மாட்டியார். "இப்ப தெரிஞ்சுகொண்டே ரெண்டாந்தரம் சொல்லப் போறீர்."

இரண்டாவது வரைவில், அது இயந்திரத்தைச் சோதிக்க அனுப்பிய பொய்ச் செய்தி என்று எழுதினேன். வாசித்துவிட்டு நானே கசக்கினேன். சோதனைச் செய்திக்கு எவராவது சம்மாட்டியாரின் முதலெழுத்துவரை போடுவார்களா? மூன்றாவதில் 'சட்டம்' என்ற சொல் எப்படியோ நுழைந்துவிட்டது. அட்டைப் பெட்டி கடன் தருகிறவர்களுக்குச் சட்டம் காட்டும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கடைசியில், அவர்களுக்குத் தெரியவேண்டியவை எவை என்று ஒரு பட்டியல் போட்டேன். எந்தச் செய்தி, யாருடைய தவறு, என்ன செய்யவேண்டும். வேறொன்றும் அதில் சேரவில்லை. என் வெட்கத்துக்கும் அங்கே இடமிருக்கவில்லை. நாடாவில் இவ்வளவுதான் ஏறியது:

'இன்று 11.40க்கு எங்களிடமிருந்து வந்த செய்தி உங்களுக்குரியதல்ல. தவறு எங்களுடையது.
தயவுசெய்து எல்லாப் பிரதிகளையும் கிழித்துவிடவும்.
கிழித்ததும் ஒரு சொல் அறிவித்தால் நன்றி.'

அதே இலக்கத்தைச் சுழற்றினேன். குறி வந்தது. இப்போது அது அவர்களுடையதாக இருக்கவேண்டும். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத சம்மாட்டியாரும் எழுந்துவந்து, சுவரில் ஒரு விரலும் தாளில் ஒரு விரலுமாக வடிவம் பார்த்தார்.

"உந்தக் கொக்கி மாதிரி எழுத்து இஞ்சையும் இருக்கு. சரி, விடும்."

நாடா ஓடி முடிந்ததும் மறுபக்கத்தில் மணி ஒலிக்கும் விசையை அழுத்தினேன். இணைப்பை வெட்டாமல் காத்திருந்தோம். அங்கே ஆட்கள் சாப்பிடப் போயிருந்தால் செய்தி இயந்திரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அவர்களின் கொள்வனவு மனேச்சர் முதலில் வந்தால் அவர்தான் கிழித்தெடுப்பார்.

இயந்திரம் படபடத்தது. 'பொறுக்கவும்' என்று ஒரு சொல். பிறகு ஒன்றுமில்லை.

"பொறுக்கட்டாம்," என்றேன்.

"ஐஸுக்குப் பொறுத்துத்தானே றால் மணத்தது," என்றார் அவர்.

மறுபடி படபடத்தது. இம்முறை நீளமாக. அடிக்க அடிக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

'மேல்தாளும் இரண்டு கார்பன் பிரதிகளும் கிழித்தாயிற்று. வாசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். இங்கே யாரிடமும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். போன மாதம் எங்கள் விலைப்பட்டியல் ஒரு சீமெந்துக் கம்பனிக்குப் போனது. அவர்களும் கிழித்தார்கள். வணக்கம்.'

கார்பன் பிரதிகளை நான் தனியே குறிப்பிடவில்லை. அந்த ஆள் தானாகவே எண்ணிக் கிழித்திருந்தார். நான் பதினொரு வரியில் விழுந்து கும்பிடப் பார்த்த விஷயம், அங்கே இருந்தவருக்குச் சாப்பாட்டுக்கு முன் முடிக்கும் ஒரு வேலை.

"ஆள் பொம்பிளையோ ஆம்பிளையோ?"

"தெரியாது அண்ணை. பேர் போடயில்லை."

"ஆராயிருந்தாலும் நல்லாயிருக்கட்டும்." பிறகு நான் பழைய நாடாவை மறுபடி எடுப்பதைப் பார்த்தார். "உதை இன்னும் அனுப்பத்தான் போறீரோ?"

"ஓம். நாலு பெட்டி உண்மைதானே."

"நாலு உண்மைதான். போற இடம் சரியாப் பார்த்து விடும்."

பார்த்து விட்டேன்.

எங்கள் பக்கத்துப் பிரதியைக் கிழிக்க எனக்கு அனுமதியில்லை, அது கோப்பில் இருக்கவேண்டும். அதனால் மாலையில் எங்கள் கிளை மனேச்சரிடம் நானே சொன்னேன். அவர் இரண்டு செய்திகளையும் வாசித்துவிட்டு, "அந்தப் பழைய பட்டியல் குப்பைக்குள்ளையோ?" என்று மட்டும் கேட்டார். அது குப்பைக்குள் இல்லை. கழற்றிய பட்டியல்கள் என்று எழுதிய ஓர் உறைக்குள் வைத்திருந்தேன்.

இப்போது நிலைமை இது: நான்கு பெட்டிகளும் சம்மாட்டியாரிடமே திரும்பிப் போயின. அடுத்த வியாழன் லொறி அவருடைய வாடியில் நின்றது. சுவரில் பழைய பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது, ஒழுங்கில்லாமல். மூன்று வரி நாடா என் மேசை லாச்சியில் இருக்கிறது. அதற்குப் பிறகு மனேச்சர் தானே இலக்கம் சுழற்றிய ஒரு நாள், நேரத்தை மட்டும் மாற்றி, அது அவருக்குத் தேவைப்பட்டது.