டோக்கன் அக்காவின் மூன்றாவது மெயில்

கிளினிக் வரவேற்பு மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்து டோக்கன் கொடுத்ததால் அவளுக்கு டோக்கன் அக்கா என்றே பெயர். டாக்டர் 'கம்ப்யூட்டர் எனக்கு ஆகாது' என்று கைகழுவிவிட்டதால், தினமும் மாலை மறுநாள் வரவேண்டியவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது குட்டி கணினி நிரலை, அவளே முட்டி மோதி எழுதியிருந்தாள். கிளினிக் மென்பொருள் எழுதித் தரும் பட்டியலைப் படிப்பதுதான் அதன் வேலை. மெசேஜ் வந்தால்தான் பாதிப் பேர் கிளம்புவார்கள்.

சனிக்கிழமை இரவு மென்பொருள் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. ஞாயிறு மாலை ஸ்கிரிப்ட் நின்றது. பிழையை அது ஒரு கோப்பில் எழுதிவைத்திருந்தது. அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. திங்கள் காலை நாற்காலிகள் காலியாக இருந்தபோதுதான் உறைத்தது.

"உன் ஸ்கிரிப்டுதானேம்மா?" என்றார் டாக்டர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மென்பொருள் கம்பெனிக்கு முதல் மெயிலைக் கோபத்தில் எழுதினாள். "மறுபடி ஆன் செய்து பாருங்கள்" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு "வெளி ஸ்கிரிப்டுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, முக்கியத்துவம்: குறைவு" என்று எழுதிப் புகாரையே மூடிவிட்டார்கள். என்ன திமிர்! ஆனால் திட்டினால் காரியம் நடக்காது என்று புரிந்தது.

செவ்வாய் மதியம் பழைய பட்டியலையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். தேதி முன்பு நாள், மாதம், வருஷம் என்று இருந்தது. இப்போது மாதம் முன்னால். பதினைந்தாம் தேதியைப் பதினைந்தாம் மாதமாகப் படித்த ஸ்கிரிப்ட், அப்படி மாதமே இல்லை என்று நின்றிருக்கிறது. புதுப்பிப்புக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மூன்றாவது மெயிலில் பழைய பதிப்பு எண், புதிய எண், பிழைச் செய்தி, இரண்டு பட்டியல்களிலிருந்தும் இரண்டிரண்டு வரிகள், எல்லாம் இருந்தன. நோயாளிகளின் பெயரையும் போன் எண்ணையும் மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள். பிறகு தன் ஸ்கிரிப்டில் ஒரு வரியைத் திருத்தினாள். அன்று மாலை மெசேஜ்கள் போயின.

புதன்கிழமை தையல்காரம்மா வந்தார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், திங்கள்தோறும் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையின் அளவைச் சரிபார்க்க வேண்டியவர். முன்கையெல்லாம் கன்றிப்போய், மூக்கில் பஞ்சு வைத்திருந்தார். டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு, மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உள்ளே போனார்.

அப்போது மென்பொருள் கம்பெனி பொறியாளர் போனில் வந்தார். "மேடம், நீங்க சொன்னது சரிதான். தேதி வரிசைய நாங்கதான் மாத்தினோம், சொல்ல விட்டுப்போச்சு. உங்க ஸ்கிரிப்டு ஓடுதுல்ல, புகார மூடிடலாமா?"

"கொஞ்சம் இருங்க," என்று ஸ்பீக்கரை அழுத்தினாள். "அம்மா, திங்கக்கிழம ஏன் வரல?"

தையல்காரம்மா பஞ்சைப் பிடித்தபடி சொன்னார்: "மெசேஜ் வரலயேம்மா. இந்த வாரம் எனக்குத் தேவையில்லன்னு டாக்டர் முடிவு பண்ணிட்டார்னு நெனச்சேன்."