பரம்பரைச் சைவனின் கொலஸ்ட்ரால்

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு நிரந்தர இரவு ஷிப்ட். ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்ததும் டாக்டர் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

"மேடம், நாங்க பரம்பரையா சைவம்" என்றேன், கொஞ்சம் கர்வத்தோடு.

"நெய்யும் பன்னீரும் செடியிலயா சார் காய்க்குது?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கான உணவுப் பட்டியலை எழுதிக் கொடுத்தார். வேலைக்குக் கிளம்புமுன் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை. ஷிப்ட் நடுவில் ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் ராஜ்மா. காலையில் தூங்குமுன் பால் சேர்க்காத ஓட்ஸ் கஞ்சி. ஏழு நாளும் செடி கொடுத்ததுதான்.

பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டி, மூன்று மாதம் தியாகி போல வாழ்ந்தேன். மறுபரிசோதனையில் அளவு கொஞ்சம்கூட இறங்கவில்லை.

"லிஸ்ட்ல இல்லாதது எதுவும் சாப்பிட்டீங்களா?" என்று ஆலோசகர் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் கூட வந்திருந்த மனைவி அழுதுவிட்டாள். "ராத்திரியெல்லாம் முழிக்கறாரேன்னு பருப்புல தினம் ரெண்டு ஸ்பூன் நெய் விட்டேன், மேடம். அவருக்குத் தெரியாது."

ஆலோசகர் என்னைப் பார்த்தார். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் தினமும் பேக்கரியில் வெஜ் பப்ஸ் தின்பதை நானும் ஒப்புக்கொண்டேன். மனைவி உடனே அழுகையை நிறுத்தினாள்.

பப்ஸும் நெய்யும் ஒரே நாளில் நின்றன. அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. மனைவி மட்டும் இன்னும் பேக்கரிப் பக்கமாகத்தான் காய்கறி வாங்கப் போகிறாள், அதுவும் என் பஸ் வரும் நேரத்தில்.