இடுப்பெலும்பு சொன்ன வயது

எஸ்தர் மேடம் ஒரு முடிவு சொல்வதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் சட்ட மருத்துவப் பிரிவில் டாக்டர் அவர். நான், ஞானசீலன், எக்ஸ்ரே எடுப்பவன். மேடம் மிஷன் பள்ளி வாத்தியார் வீட்டுப் பெண். ஒத்தக்கடையிலிருந்து நெரிசலான பஸ்ஸில் வருவார். ஆனாலும் வேலையில் அவசரம் என்பதே கிடையாது. எனக்கு எரிச்சல் வரும். அந்தப் பையன் விஷயத்துக்குப் பிறகு வருவதில்லை.

ராம்கி வாடிப்பட்டிப் பக்கத்துப் பையன். கல் குவாரியில் இரும்பு திருடி, தடுத்த காவலாளியை அடித்ததாக இரண்டு பெரிய ஆட்களோடு பிடிபட்டான். ஸ்டேஷனில் பத்தொன்பது வயது என்று அவனே சொல்லிவிட்டான். அதனால் அவர்களோடு சேர்த்து ஜெயிலில் போட்டார்கள். செங்கல் சூளையில் பிறந்தவன், பிறப்பைப் பதியவில்லை, பள்ளிக்கூடமும் பார்த்ததில்லை. பதினெட்டு ஆகியிருக்காது என்று இலவச சட்ட உதவி வக்கீல் மனுப் போட, வயதைப் பார்க்கச் சொல்லிக் கோர்ட் எங்களிடம் அனுப்பியது. பதினெட்டு முடிந்திருந்தால் ஜெயில்தான். முடியவில்லை என்றால் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லம்.

காவலுக்கு வந்த ஏட்டு விருமாண்டியிடம் மேடம், "இவன் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அவங்க சம்மதம் வேணும்" என்றார்.

"பத்தொம்பது வயசுப் பயலுக்கு அம்மா எதுக்கு மேடம்?"

"முடிவு தெரியுறவரைக்கும் எனக்கு அவன் சின்னப் பையன்தான் அண்ணே."

அவன் அம்மா சுந்தரம்மாள் மதியத்துக்குமேல் வந்தார். அதுவரை படம் எடுக்கவே இல்லை. பையன் பிறந்த வருஷம் அவருக்கும் நினைவில்லை.

பிறகு முழங்கை, மணிக்கட்டு, தோளிலிருந்து வரும் காறையெலும்பு மார்போடு சேரும் இடம், கடைசியாக இடுப்பு என்று எடுத்தேன். இடுப்புப் படம் வருவதற்குள்ளேயே இளம் டாக்டர் சித்தார்த் மற்றவற்றைப் பார்த்துவிட்டார். வளரும் வயதில் எலும்பு முனையில் தனித் துண்டு ஒன்று தோன்றி, வயது ஏறியதும் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். முழங்கையில் ஒட்டிவிட்டது, மணிக்கட்டிலும் ஒட்டிவிட்டது. காறையெலும்பின் முனையில் தனித் துண்டும் இல்லை, நடுவில் இடைவெளியும் இல்லை.

"முழுசா ஒட்டிருச்சு மேடம். இருபத்தொண்ணு தாண்டிருச்சு."

மேடம் இடுப்புப் படத்துக்குக் காத்திருந்தார். அது வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டார். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு நெடுக மெல்லிய எலும்புப் பட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கும் கீழே உள்ள எலும்புக்கும் நடுவில் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஒட்டவில்லை.

"இது ஒட்டுன பிறகுதான் காறையெலும்பு ஒட்டி முடியும். அப்ப அது மட்டும் எப்படி முந்தும்?" என்றார் மேடம்.

சித்தார்த்துக்கு முகம் சுண்டிப்போனது. காறையெலும்பின் முனையில் அந்தத் துண்டு தோன்றுவதற்கு முன்னாலும் படத்தில் எதுவும் தெரியாது. ஒட்டி, தழும்பும் மறைந்த பிறகும் எதுவும் தெரியாது. ஆரம்பிக்காததும் முடிந்துபோனதும் சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றுபோலவே இருக்கும். "நானும் படிக்கிற காலத்துல இதுல ஏமாந்திருக்கேன்" என்று மேடம் அவரிடம் சொல்லிவிட்டு, மெல்லிய மெல்லிய வெட்டுகளாக சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் விளங்கிவிட்டது. துண்டு இன்னும் தோன்றவே இல்லை.

பல்லையும் உடம்பையும் பார்த்துவிட்டுத்தான் அறிக்கை எழுதினார். விளக்கம் சொல்லக் கோர்ட் கூப்பிட்டபோது, படங்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"ஒரே வயசாச் சொல்லுங்க டாக்டர்" என்றார் அரசு வக்கீல்.

"எலும்பு பிறந்த தேதி சொல்லாதுங்க. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில. முன்னே பின்னே இருக்கலாம். ஆனா பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு சொல்ல இதுல ஆதாரம் இல்லை."

சந்தேகம் இருந்தால் அது பிள்ளைக்குச் சாதகமாகத்தான் போக வேண்டும் என்று சொல்லி, மாஜிஸ்திரேட் அவனை ஜெயிலிலிருந்து எடுத்து, சிறுவர் வழக்கைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப உத்தரவிட்டார்.

வெளியே சுந்தரம்மாள் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவன் சின்னப் பயதானாம்மா?"

"ஆமாம்மா."

"குவாரியில சின்னப் பயல்களச் சேக்க மாட்டாக. கேட்டா பத்தொம்பதுன்னு சொல்லுடான்னு நான்தேன் சொல்லிக் குடுத்தேன். ஸ்டேசன்லயும் அதையே சொல்லிருக்கான்" என்றவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிச் சொல்லி எனக்கே அவன் பெரிய ஆளாத் தெரிஞ்சான். ஒரு ராத்திரி காச்சலோட வேலைக்குப் போறேன்னான். போடா, ஆம்பளதானேன்னு அனுப்பிட்டேன்."

மேடம் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இல்லத்துக்குப் போகும் வேனில் பையனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுந்தரம்மாள் எழுந்து ஓடிப் போய், ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு அவன் நெற்றியில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.