தார் மோட்டார் நின்ற ஏழு நிமிடம்

என் புகார் நோட்டில் ஒவ்வொரு பக்கமும் நான்கு கட்டம்: புகார், சோதனை, காரணம், சரிசெய்தது. கேபிள் இன்டர்நெட் லைன் பார்க்கும் வேலையில் இந்த வரிசையை நான் மாற்றியதில்லை. ஒரே ஒரு நாள் சோதனை முடியும் முன்னே காரணத்தை வாயால் சொல்லிவிட்டேன். அதனால் ஒருவருடைய கை உடைந்தது.

காஞ்சிபுரத்தில் கோபுரம் தெரியும் ஒரு தெரு. வீட்டின் முன்கட்டிலேயே பட்டுக்கடை வைத்திருந்த ஒருவர் தினமும் பதினோரு மணிக்கு போனில் லைவ் போட்டுச் சேலை விற்பார். மூன்று வாரமாக அவர் படம் பாதியில் உறைந்து நின்றது. டவுன்லோடு தொண்ணூறு வந்தது. அப்லோடு பத்து வரவேண்டிய இடத்தில் அரைகூட வரவில்லை.

பத்தேகாலுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தார்.

“வாய்யா. போன தடவ வந்து எல்லாம் சரியா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போன. மறுநாளே நான் வாயப் பொளந்துக்கினு சிலையா நிக்கறேன். அத ஒருத்தன் படம் புடிச்சு, ‘முதலாளிக்குப் பல்லு எத்தினி, எண்ணிச் சொன்னா சேல இலவசமா’ன்னு போட்டுருக்கான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். அப்லோடு மட்டும் குறைந்தால் பார்க்க வேண்டியவை மூன்று. வீட்டுக்குள் வைஃபை சரியாகப் போய்ச் சேருகிறதா? வீட்டில் வேறு ஏதாவது அப்லோடை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறதா? வெளியே லைனில் இரைச்சல் இருக்கிறதா? நான் முதலில் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். அவர் போன், இரண்டு கேமரா, அவருக்கே தெரியாத இன்னொரு போன்.

“இது யாரு?” என்றார்.

“பக்கத்து வீடா இருக்கும். யாராவது ஏறிக்கினு வீடியோ அனுப்பினா இப்படித்தான் அடைச்சுக்கும்.”

மணி பத்து பதினெட்டு. அது பொதுவான பேச்சு. அவருக்கு அது தீர்ப்பு. பக்கத்து வீட்டு நெசவாளருக்கும் அவருக்கும் சுவர்த் தகராறு இருந்தது எனக்குத் தெரியாது. சேலை சுற்றி வைக்கும் கட்டையை மூலையிலிருந்து உருவிக்கொண்டு படியிறங்கினார். “முதலாளி, இன்னும் பாக்கல, இருங்க” என்றேன். அவர் திரும்பவில்லை.

நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வைஃபையை அணைத்து, ரவுட்டரைக் கழற்றி, மோடத்தில் லேப்டாப்பை நேராக வயரில் சொருகினேன். அந்தப் போன் காரணமில்லை என்று காட்டிவிட்டால் அவர் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். இப்போது அந்த வீட்டு வைஃபையில் யாருமில்லை. சோதனையை ஓட்டினேன். அப்லோடு புள்ளி மூன்று.

சுவருக்கு அந்தப் பக்கம் முதல் அடி விழுந்தது. கட்டை எலும்பில் படும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அதன் பிறகு ஒரு ஆண் அலறினார். ஒரு பெண், “உடுங்க, கை போச்சு, உடுங்க!” என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்கெல்லாம் அடியில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் இரைச்சல் சட்டென்று நின்றது. மணி பத்து இருபத்திரண்டு. சோதனையை மறுபடி ஓட்டினேன். முள் ஒன்பதரையில் போய் நின்றது.

அவர் திரும்பி வந்தார். சட்டையில் ரத்தம். கட்டையின் முனையில் நெசவாளர் வேட்டியின் கிழிசல் ஒட்டியிருந்தது. திரையைப் பார்த்தார்.

“பாத்தியா? அடிச்சதும் வந்துடுச்சு! உங்க மிஷினவிட என் கட்டை வேல செய்யுது.”

“வைஃபைய நான் முன்னாடியே அணைச்சுட்டேன் முதலாளி. அதுக்கப்புறமும் அப்லோடு வரல. அவரு போன் காரணமில்ல.”

“அப்ப எப்படி வந்துச்சு?”

எங்கள் கண்ட்ரோல் ரூமுக்கு போன் செய்தேன். அங்கே இருக்கும் பெண் எல்லாத் தெருக்களின் மேலேறும் சிக்னலையும் பார்ப்பாள். “உங்க மோடம் அனுப்புற பலம் சரியாத்தான் இருக்குது அண்ணா. இவ்வளவு நேரம் அந்தத் தெருவுல சிக்னல் சுத்தம் பதினாலுதான் காட்டுச்சு, ஒரே இரைச்சல். இப்ப முப்பத்தொண்ணு. என்ன பண்ணீங்க?”

நான் ஒன்றும் பண்ணவில்லை. நோட்டைத் திருப்பினேன். போன முறை எல்லாம் சரியாக இருந்த அந்த நாள் அமாவாசை. அமாவாசையில் இந்தத் தெருவில் யாரும் தறி ஏறமாட்டார்கள், நூலும் சுற்றமாட்டார்கள். அப்போதுதான் புரிந்தது: சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மோட்டார் நூல் சுற்றுவது, லைன் இரைச்சல் அதிலிருந்துதான்.

மணி பத்து இருபத்தொன்பது. மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது. போனில் அந்தப் பெண், “பதினாலு அண்ணா” என்றாள். திரையில் முள் சரிந்தது. கடைக்காரர் அதையும் பார்த்தார். கட்டையோடு எழுந்தார். இந்த முறை நான் முன்னே ஓடினேன்.

நெசவாளர் தறிக்குழியின் விளிம்பில் சாய்ந்து கிடந்தார். வலது முன்கை நடுவில் வளைந்திருந்தது. அவர் தம்பி ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். கீழே விழுந்து கிடந்த தார் மோட்டாரை நெசவாளரின் மனைவி தூக்கி வைத்தபோது சுவிட்ச் பட்டு அது தானாக ஓடிக்கொண்டிருந்தது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார் நூலைச் சுற்றுகிற சின்ன மோட்டார் அது, பழைய தையல் மிஷினிலிருந்து எடுத்தது. மோட்டாரின் கரி பிரஷ்ஷில் நீலப்பொறி பறந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, டிவிக்குக் கேபிள் பிரியும் பெட்டியில் ஒரு வாய் மூடாமல் திறந்திருந்தது. இன்னொரு வாயில் வயரின் மேல்வலையைக் கையால் முறுக்கிச் செருகியிருந்தார்கள். அப்லோடு தாழ்ந்த அலைவரிசையில் போவது. இந்த மாதிரிப் பொறியின் இரைச்சலும் அங்கேதான் விழும். அந்த ஓட்டை வழியாகப் புகுந்து தெரு முழுக்க ஏறியிருக்கிறது. டவுன்லோடு உயரத்தில் வருவதால் அதற்குச் சேதமில்லை. மற்ற வீடுகள் படம் பார்ப்பதோடு சரி, அதனால் யாரும் புகார் செய்யவில்லை.

வயரில் ஒரு டேப். அதில் வீட்டு எண், என் கையெழுத்தில்.

கடைக்காரர் வாசலில் நின்றார். “மோட்டார ஓட்டிக் காட்டறியா?” என்று அந்த அம்மாவை நோக்கிக் கட்டையை ஓங்கினார். நான் குறுக்கே போனேன்.

“அந்த வயர அப்படி உட்டது நான். அவங்க இல்ல.”

கட்டை என் இடது காதின் மேல் இறங்கியது. கண் இருட்டி, தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். கழுத்தில் சூடாக வழிந்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்குள் ஆட்டோக்காரரும் தம்பியும் வந்து அவரைச் சுவரோடு அழுத்தி, கட்டையைப் பிடுங்கி, முகத்திலேயே மாற்றி மாற்றிக் குத்தினார்கள். அவர் உதடு பிளந்தது.

நெசவாளரை ஆட்டோவில் ஏற்றியபின் புது கனெக்டர் அழுத்தி, திறந்த வாய்க்கு மூடி போட்டேன். மோட்டாரை ஓடவிட்டு, கண்ட்ரோல் ரூம் பெண்ணிடம் போனில் கேட்டேன். “முப்பத்தொண்ணு அண்ணா. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?”

அன்று பதினோரு மணிக்கு லைவ் இல்லை.

சாயங்காலம் அரசு ஆஸ்பத்திரியில் என் காதில் ஐந்து தையல் போட்டார்கள். அடுத்த வார்டில் நெசவாளர். தறிக்குழியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடும்படி கடைக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். எலும்பு சேர்ந்தாலும் முன்போல நாடா வீச முடியுமா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும் என்றார்கள்.

“அவரு வைஃபை பாஸ்வேர்டு அவரே குடுத்ததுதாங்க,” என்றார் நெசவாளர். “அவரு பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பச் சொல்லி. நான் கேக்கவேயில்ல.”

போலீஸ் ஸ்டேஷன் எழுத்தர் ஒருவர் வாக்குமூலம் வாங்க வந்தார். என் நோட்டைப் புரட்டி, “நிமிஷக் கணக்கெல்லாம் வெச்சிருக்கறியே, யாருய்யா நீ?” என்றார். பத்து பதினெட்டில் நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லலாமா என்று நெசவாளரைப் பார்த்தேன்.

“உங்க ஒயரு, உங்க வாயி, அவரு கட்டை,” என்றார் அவர். “மூணையும் எழுதச் சொல்லுங்க. ஒண்ண உட்டாலும் நான் குழியில விழுந்த கதைதான் நிக்கும்.”

மூன்றையும் சொன்னேன். எழுத்தர் எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்திட்டேன். பிறகு நோட்டை வாங்கி, காலியாக இருந்த ‘காரணம்’ என்ற மூன்றாவது கட்டத்தில் அதையே எழுதினேன்.