பயப்ஸி அறிக்கையில் மூன்று எழுத்து

என் மனைவி அந்த அறிக்கையைக் கைபேசியில் திறந்தபோது நான் வேலையால் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குசினிக்குள் அடுப்பு நிறுத்தப்படும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கைபேசியை மேசையில் குப்புற வைத்துவிட்டுக் கதிரையில் இருக்கிறார்.

"அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும்," என்றார்.

என் மாமனார் வயிற்றுப் புற்றுநோயில் காலமானவர். அப்போது என் மனைவிக்குப் பத்தொன்பது வயது. இப்போது ஐம்பத்தெட்டு. சில மாதங்களாக மேல்வயிற்றில் எரிவு, நான்கு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டது போன்ற ஊதல். தகப்பனின் கதையைக் கேட்ட குடும்ப வைத்தியர் வாய்வழியாகக் கமெரா விட்டுப் பார்க்க அனுப்பினார். அந்தப் பரிசோதனை முடிந்து இரண்டு கிழமை கழித்துத்தான் இந்த அறிக்கை வந்திருந்தது.

கமெரா விட்ட அன்றே ஒரு தாளைக் கையில் தந்தார்கள். மயக்க மருந்து தெளியாத மனைவியைக் காரில் இருத்திவிட்டு, ஸ்காபரோவில் அந்த நிலையத்தின் தரிப்பிடத்திலேயே அதை வாய்விட்டு வாசித்தேன். கையில் அகப்படும் எந்தத் தாளையும் வாசிக்காமல் விடமாட்டேன். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகப் படிவங்களோடுதான் சீவியம். உணவுக்குழாய் சாதாரணம். சிறுகுடலின் தொடக்கம் சாதாரணம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அங்கங்கே சிவப்பு, கஸ்ரைற்றிஸ் என்ற இரைப்பை அழற்சி. பயப்ஸி எடுக்கப்பட்டது.

அரைத் தூக்கத்தில் இருந்தவர் பயப்ஸி என்ற சொல்லுக்குக் கண்ணைத் திறந்துவிட்டார். எங்கள் சனத்தின் வாயில் அந்தச் சொல் ஒரேயொரு வருத்தத்துக்குத்தான், புற்றுநோய்க்குத்தான் வரும். தாளைத் தந்த தாதி எனக்கு விளக்கியதை அவருக்குச் சொன்னேன். கமெராவின் கண்ணுக்குச் சிவப்புத்தான் தெரியும், ஏன் சிவந்தது என்று தெரியாது. அதற்காகத்தான் நெல்மணியிலும் சிறிய துண்டுகளைக் கிள்ளி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால்தான் கிள்ளுவார்கள் என்றில்லை. தலையை ஆட்டினார். ஆனால் அந்த இரண்டு கிழமையும் ஒழுங்காக உறங்கவில்லை.

இப்போது குப்புறக் கிடந்த கைபேசியை எடுத்துப் பார்த்தேன். மூன்று வரிகள். முதலாவது, குரோனிக் அக்டிவ் கஸ்ரைற்றிஸ். இரண்டாவது, இரைப்பையைப் புண்ணாக்கும் எச் பைலோரி என்ற கிருமி காணப்படவில்லை. மூன்றாவது வரிதான் அவரைக் கதிரையில் இருத்தியது. அது கைபேசியில் இரண்டாக முறிந்து நின்றது. புற்றுநோய் என்ற பொருளில் வரும் மலிக்னன்ஸி என்ற சொல் அதன் கடைசியில், தனி வரியில், முற்றுப்புள்ளியோடு கிடந்தது.

"இஞ்சை பாரும்," என்றேன். "முன்னுக்கு நெகற்றிவ் எண்டு போட்டிருக்கு. அது அந்த வரியிலை வாற எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம்."

அவர் அந்த வரியை விரலால் தொட்டு மூன்று தரம் வாசித்தார். பிழை அவரிலும் இல்லை. தமிழில் 'இல்லை' கடைசியில்தான் வரும். வாக்கியம் முடியும் மட்டும் பொறுத்திருந்து, முடிவில் உண்டா இல்லையா என்று பார்க்கப் பழகியவர்கள் நாங்கள். ஆங்கிலக்காரன் இல்லையை முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு பயங்கரங்களை வரிசையாக அடுக்குகிறான். அந்த வரிசையில் முதலில் இரண்டு இருந்தன: இரைப்பைத் தோல் குடல் தோலைப்போல் மாறுவது, உயிர்க்கலங்கள் புற்றுநோயை நோக்கிக் கெட்டுப்போகத் தொடங்குவது. அவற்றுக்குப் பிறகுதான் புற்றுநோய். மூன்றும் இல்லை. மனைவி மேசையில் தலையை வைத்து அழுதார். நிம்மதியில் இப்படி அழ முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

சோறு அரைவேக்காட்டில் நின்றதால் கடைக் கொத்துரொட்டிதான் சாப்பாடு. அவர் வழமையைவிட இரண்டு வாய் கூடச் சாப்பிட்டார். எனக்கோ முதல் வரி மனதில் நெருடிக்கொண்டிருந்தது. குரோனிக் என்றால் தீராத வருத்தம் என்றுதான் நாங்கள் பேசுவோம். அதோடு அக்டிவ் ஏன்? தொழிற்சாலையில் ஒரே பாகத்துக்கு 'பழைய கீறல்' என்றும் 'புதிய கீறல்' என்றும் இரண்டு முத்திரை விழுந்தால், நான் விசாரிக்காமல் விடமாட்டேன். தேடி வாசித்தேன். பாரதூரத்தைச் சொல்லும் சொற்களே அல்ல அவை. நெடுநாள் அழற்சியில் வந்து குந்தியிருக்கும் கலங்கள் தெரிந்தால் குரோனிக். இப்போதும் சண்டை பிடிக்கிற வேறுவகை வெள்ளைக் கலங்கள் தெரிந்தால் அக்டிவ். அதாவது, அங்கே இன்றைக்கும் யாரோ யாரையோ தாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கிருமி இல்லை என்கிறது இரண்டாம் வரி. அப்படியானால் சண்டை யாரோடு?

மறுநாள் காலை அறிக்கையை மறுபடி திறந்தேன். அப்போதுதான், கீழே சின்ன எழுத்தில் குறிப்பு என்று ஒன்று இருப்பதைக் கண்டேன். வேலையில் முதலில் குறிப்பைத்தான் பார்ப்பேன். வீட்டில் 'இல்லை' கிடைத்த சந்தோசத்தில் அந்த வழக்கம் பறந்துவிட்டது. அழற்சி இப்படி இருப்பதால், நோயாளி பிபிஐ எடுத்தவராக இருந்தால் கிருமி கண்ணுக்குத் தப்பியிருக்கலாம், வேறு பரிசோதனை செய்வது நல்லது என்று எழுதியிருந்தார் துண்டுகளைப் பார்த்த வைத்தியர்.

பிபிஐ. மூன்றே எழுத்து. அதையும் தேடினேன். இரைப்பை அமிலம் சுரப்பதைக் குறைக்கும் குளிசைகளின் குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் யார் யார் என்று ஒரு பட்டியல். நான்காவது பெயரை இரண்டாம் தரமும் வாசித்தேன். அது என்னுடைய குளிசை. நெஞ்செரிவுக்கு எனக்கு எழுதித் தந்தது. அதைத்தான் நான் மூன்று மாதமாக என் மனைவிக்கும் கொடுத்து வந்தேன். 'வாயுக் குளிசை' என்று பெயரும் வைத்தேன். அவருக்கு அது மருந்து என்றே தோன்றவில்லை. கமெரா நிலையத்தின் படிவத்தில் இரத்த அழுத்தக் குளிசையை மட்டும் எழுதினார். கமெரா விட்டதற்கு முதல் நாளும் நான்தான் ஒன்று கொடுத்தேன். சுகமாக உறங்கட்டும் என்று.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வைத்தியரைச் சந்திக்க ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார், ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகளுக்கு ஒடியல்கூழ் காய்ச்சிக் கொண்டுபோனார். அந்த முகத்தைப் பார்த்து, உமக்கு வந்த நல்ல செய்தியில் பாதி என்னால் கெட்டுப்போயிருக்கலாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவரை நோகடிக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பேச்சு வாங்கப் பயம்.

எங்கள் குடும்ப வைத்தியர் மட்டக்களப்புப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். திரையில் அறிக்கையை நிதானமாக வாசித்தார். பயப்படும்படி ஒன்றுமில்லை என்பதை முதலில் சொன்னார். பிறகு குறிப்பில் நின்றுவிட்டார். மூட்டுவலிக்கு, தலையிடிக்கு ஏதாவது குளிசை எடுப்பதுண்டா என்று கேட்டார். அவையும் இரைப்பையைப் புண்ணாக்கும் என்றார். இல்லை என்றார் மனைவி.

"அன்ரி, கமெரா விட்ட நேரம் அசிட்டுக்கு ஏதும் குளிசை எடுத்தனீங்களா?"

"இல்லை டொக்டர். பிரஷர் குளிசை மட்டும்தான்."

வைத்தியர் தட்டச்சுச் செய்யத் தொடங்கினார். இன்னும் நான்கு சொல் அடித்தால் கதை முடிந்துவிடும் என்று எனக்கு விளங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறான்.

"டொக்டர், நான் குடுத்தனான்," என்றேன்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். நான் குளிசையின் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பார்வை மாறவில்லை. வைத்தியர் ஏசவில்லை. அடித்ததை அழித்துவிட்டு விளங்கப்படுத்தினார். அந்தக் குளிசை கிருமியைக் கொல்லாது, ஆனால் அதன் தொகையைக் குறைத்து இடம்பெயர வைக்கும். கிள்ளிய துண்டில் அது அகப்படாமல் போகலாம். ஆகவே இந்தக் 'காணப்படவில்லை' என்பதை 'இல்லை' என்று வாசிக்கக்கூடாது. அதிலும் தகப்பனுக்கு வயிற்றுப் புற்றுநோய் இருந்தவருக்கு அந்தக் கிருமி உண்டா என்று உறுதியாகத் தெரிந்தே ஆகவேண்டும். இருந்தால் இப்போதே அழித்துவிடலாம், பிற்காலத்து ஆபத்தும் குறையும்.

இரண்டு கிழமை அந்தக் குளிசையை முற்றாக நிறுத்தினோம். எரிவு திரும்பி வந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பதுதான் எனக்குத் தண்டனை. பிறகு மூச்சுப் பரிசோதனை. ஒரு பையில் ஊதி, ஏதோ கரைசலைக் குடித்து, அரை மணித்தியாலம் இருந்து, மறுபடி ஊத வேண்டும். கிருமி இருந்தால் அது கரைசலை உடைத்துவிடும், அது மூச்சில் தெரியுமாம். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விந்தையாக இருந்தது. முடிவு பொசிற்றிவ்.

பதினான்கு நாள், நான்கு விதமான மருந்து. வாயெல்லாம் கசப்பு, நாக்குக் கறுப்பு. ஒரு வேளையும் தவறவிடவில்லை. முடிந்து ஆறு கிழமைக்குப் பிறகு மீண்டும் மூச்சை ஊதினார். இந்த முறை கிருமி இல்லை, அதை மறைக்க என் குளிசையும் இல்லை.

அன்று மாலை பிக்கரிங்கில் இருக்கும் மச்சானை அழைத்தேன். அவரும் அதே தகப்பனின் பிள்ளை, அவரும் போய்ச் சோதிப்பது நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. சின்ன எழுத்துக் குறிப்பை நான் கண்டுபிடித்த கதையை, கொஞ்சம் உப்புப் புளி சேர்த்து, விரிவாகவே சொன்னேன். நான் அந்த மூன்று எழுத்தைத் தேடியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்றும் கேட்டேன்.

போனை வைத்ததும் மனைவி எனக்கு முன்னால் வந்து இருந்தார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீங்கள் குளிசை தந்தது எனக்கு நோகக்கூடாது எண்டுதான். அது எனக்குத் தெரியும். ஆனா மூண்டு மாசமா நான் உங்களிட்டைக் கேட்டது குளிசை இல்லையப்பா. டொக்டரிட்டை என்னோட வாங்கோ எண்டுதான் கேட்டனான்."

உண்மைதான். ஓவர்டைம் என்றேன், குளிர் என்றேன், வாயுதான் என்றேன். அவருடைய தகப்பனுக்கும் எரிவில்தான் தொடங்கியது என்பது எனக்குத் தெரியும், அந்தச் சொல்லை ஒரு வைத்தியரின் வாயால் கேட்க எனக்குப் பயம். கடைசியில் அவர் தனியே பஸ் எடுத்துத்தான் முதல் தரம் போனார். அதற்கு முன்னர் கேட்ட ஒவ்வொரு முறையும், அவருடைய உள்ளங்கையில் ஒரு குளிசையை வைத்துவிட்டு நான் வேலைக்குப் போயிருக்கிறேன்.