சோப்பு போட்ட குழாய்

கால்நடை மருத்துவமனைக் கம்பவுண்டருக்குச் சுத்தம் என்றால் உயிர். ஓய்வு பெற்றும் அது போகவில்லை. டம்ளரைத் தேய்த்துத் தேய்த்து வைப்பார். "சோப்பு, போதும்யா" என்பாள் மனைவி. அந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும் அந்தப் பழைய நாள் வந்து நிற்கும். எவ்வளவு நல்ல நாள் அது, எவ்வளவு பயந்த நாள்!

அன்று காலை எட்டு மணிக்குப் பால்காரர் பசுவை வண்டியில் ஏற்றி வந்தார். பின்னங்காலில் பாம்புக்கடி. டாக்டரம்மா ரத்தத்தைப் புதுக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்தார். உறையாமல் தண்ணீராக ஓடியது; விஷம் ஏறியதற்கு அதுதான் அடையாளம். விஷமுறிவு மருந்து ஏறியது, சலைன் ஏறியது. வீக்கம் பரவுகிறதா என்று பார்க்க, அதன் விளிம்பில் பேனாவால் கோடு போட்டார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு மறு சோதனை. ரத்தம் மறுபடி ஓடியது. அந்நேரம் பார்த்துத் தையல்காரம்மா தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்கும் பாம்புக்கடி; மூஞ்சி வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது. விஷமுறிவு மருந்தில் மிச்சம் இருந்தது இரண்டே குப்பி.

"மாட்டுக்கே கொடுத்துடுங்கம்மா, அதை வச்சுத்தான் எங்க சாப்பாடு" என்றார் பால்காரர். தையல்காரம்மா நாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா பசுவின் காலைப் பார்த்தார். "வீக்கம் கோட்டைத் தாண்டல. அசை போடுது. ரத்தம் மட்டும் ஏன் உறையல?"

கம்பவுண்டர் தான் கழுவி வைத்த குழாய்களைத் திரும்பிப் பார்த்தார். பெட்டியில் புதுக் குழாய்கள் இருந்தும், வீணாக்குவானேன் என்று மறு சோதனைக்குப் பழையதைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தார்.

"டாக்டரம்மா, ரெண்டாவது குழாய் நான் சோப்புத்தூள் போட்டுக் கழுவினது."

அவர் திட்டவில்லை. "சோப்புப் பட்ட கண்ணாடியில நல்ல ரத்தமே உறையாது. கையை நீட்டுங்க."

கம்பவுண்டரின் ரத்தம் சோப்பு போட்ட இன்னொரு குழாயில். பசுவுடையதும் நாயுடையதும் புதியவற்றில். இருபது நிமிடம் எல்லாரும் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பசு மட்டும் சாணி போட்டது.

குழாய்களைச் சாய்த்தார்கள். நாயின் ரத்தம் ஓடியது. பசுவுடையது கட்டியாக நின்றது. கம்பவுண்டருடையது ஓடியது.

"என்னைப் பாம்பு கடிக்கல டாக்டரம்மா" என்றார் அவர்.

"தெரியும். குழாய்தான் பொய் சொல்லிருக்கு. பசுவுக்கு மருந்து போதும், சலைன் ஓடட்டும்."

இரண்டு குப்பியும் நாய்க்குப் போயின. பால்காரர்தான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது, "சோப்பு, வரேன்யா" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

நாய் பிழைத்து ஒன்பது வருடம் இருந்தது. ஊசி போட்ட கோபம் அதற்குத் தீரவே இல்லை. கம்பவுண்டர் தலை தெரிந்தால் போதும், தெருவே அதிரக் குரைக்கும். அந்தக் குரைப்பைக் கேட்கவே அவர் சுற்று வழியாக வேலைக்குப் போவார்.

இப்போது வேலையும் இல்லை, நாயும் இல்லை. இன்றும் பால் வாங்க அந்தத் தெரு வழியாகத்தான் போகிறார். தையல்காரம்மா வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு நடக்கிறார்.